மாப்பிள்ளை மைக்கைப் பிடிக்கும் முன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கல்யாண விருந்துகளுக்கு அறிவிப்பாளராகப் போகிறேன். போன சனிக்கிழமையும் ஒரு மாப்பிள்ளை, மாமனார் மாமியாருக்கு நன்றி சொல்ல மேடையேறி, நான் என் கல்யாணத்தில் உளறியதையே உளறினார். கைப்பேசியைப் பார்த்து வாசிப்பது, மைக்கைத் தட்டிப் பார்ப்பது எல்லாம் போகட்டும். அதையெல்லாம் யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

மாமனாரின் கஷ்டத்தை மேடையில் சொல்வது

"மாமா தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி, இ.பி.எஃப். பணத்தையெல்லாம் எடுத்து இந்த விருந்தை வைத்திருக்கிறார்." நான் சொன்னது இதுதான். கைதட்டல் வரும் என்று நினைத்தேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். மூன்றாவது மேசையில் அவர் அண்ணன், மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அந்த அண்ணன் மாமாவிடம் கடன் கேட்டு வந்திருக்கிறார். மாமா, கையில் காசில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தீபாவளிக்குக்கூட அண்ணன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அப்படியே மூன்று வருடம் போனது.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டாள்: "உங்களிடம் மட்டும் சொன்னதை ஊருக்கே சொல்லணுமா?" தவறு எங்கே என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டுப் பணக்கதை நமக்குத் தெரிவதே பெண் நம்பிச் சொல்வதால்தான். அதுவும் தோட்டத்து ஊரில் வந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று மனக்கணக்கு வைத்திருப்பார்கள்.

எழுதியதை ஒரு முறை இப்படிப் பாருங்கள்: இதே வரியை மாமனார் இதே கூட்டத்தில் தாமே சொல்வாரா? மாட்டார் என்றால் அடித்துவிடுங்கள். பணத்துக்குப் பதிலாக, உங்களுக்கு நேராக நடந்த ஒன்றைச் சொல்லுங்கள். சனிக்கிழமை மாப்பிள்ளையிடம் அப்படி ஒன்று இருந்தது. மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் என்னிடம் சொன்னார். அதை இப்படிச் சொல்லியிருக்கலாம்:

"மாமா, அத்தை, முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது மழையில் நனைந்துவிட்டேன். மாமா தன் சட்டையைக் கொடுத்தார். அத்தை சுடச்சுட ரசம் வைத்துத் தந்தார். அந்தச் சட்டையை இன்னும் திருப்பித் தரவில்லை. இனிமேலும் தருவதாக இல்லை. நன்றி மாமா, நன்றி அத்தை."

அரை நிமிடம்கூட ஆகாது. யாருடைய கணக்கும் வெளியே வராது.

"பெண்ணைக் கொடுத்ததற்கு நன்றி"

பக்கத்தில் நிற்பவள் கடையில் வாங்கிய சாமானா?

தாய்மாமனை விட்டுவிடுவது

பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தால் பெண்ணின் தாய்மாமன் பெயர் முதல் மூன்றுக்குள் வரட்டும். "இன்னும் பலர்" என்பதில் அவரைச் சேர்த்தால் மாமியாருக்குத்தான் முதலில் கோபம் வரும். பட்டியல் நீளும்போல இருந்தால் பெயரே வேண்டாம். "தாய்மாமன் குடும்பத்தார், அத்தை மாமாவின் சொந்தங்கள்" போதும்.

சாப்பாடு திறந்த பிறகு பேசுவது

யாரும் கேட்க மாட்டார்கள்.