சிடி 28 என்றால் எத்தனை காசநோய்க் கிருமிகள்?

டிஎன்ஏவைப் பெருக்கிக்கொண்டே அளக்கும் ரியல்-டைம் பிசிஆரில் ஒவ்வொரு சுற்றுக்கும் டிஎன்ஏ ஏறத்தாழ இரட்டிப்பாகும், கூடவே ஒளிர்வும் ஏறும். அந்த ஒளிர்வு, நாம் வைத்த எல்லைக்கோட்டைத் தாண்டும் சுற்றுதான் சிடி. தொடக்கத்தில் டிஎன்ஏ நிறைய இருந்தால் சிடி குறையும். இதுவரை யாருக்கும் குழப்பமில்லை. சிடியிலிருந்து கிருமியின் எண்ணிக்கைக்குப் போகும்போதுதான் வழுக்குகிறது.

சிடி 20, சிடி 30 என்று இரண்டு சளி மாதிரிகள். இரட்டிப்பு முழுமையாக நடந்தால் வித்தியாசம் 2^10, அதாவது 1,024 மடங்கு. ஆனால் முழுமையாக நடந்தது என்று நாமே முடிவு செய்துகொள்வது தவறு. அளவு தெரிந்த பிளாஸ்மிடைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, மாதிரிகளோடு ஒரே ஓட்டத்தில் வைத்து, அளவின் மடக்கைக்கு எதிரே சிடியைக் குறித்து, தரக்கோடு வரைய வேண்டும். அதன் சாய்வு -3.32 என்றால் இரட்டிப்பின் திறன் 100%. -3.6 என்றால் 90% தான். அப்போது அதே 10 சுற்று வித்தியாசம் ஏறக்குறைய 600 மடங்காகச் சுருங்கிவிடும். போன மாதம் போட்ட கோட்டை இன்றைய மாதிரிக்குப் பொருத்துவதும் கூடாது. எல்லைக்கோடு சற்று நகர்ந்தாலே சிடி மாறிவிடும்.

சரி, தரக்கோட்டின்படி சிடி 28க்கு ஒரு குழாயில் நாம் தேடும் டிஎன்ஏ துண்டின் 1,000 பிரதிகள் என்று வைத்துக்கொள்வோம். அரை மில்லி சளியிலிருந்து 100 மைக்ரோலிட்டர் டிஎன்ஏ கரைசல் எடுத்து, அதில் 5 மைக்ரோலிட்டரைக் குழாயில் விட்டோம். ஆக, கரைசல் முழுவதிலும் 20,000. ஒரு மில்லி சளிக்கு 40,000. பிரித்தெடுக்கும்போது எதுவும் வீணாகவில்லை என்றால்தான் இந்தக் கணக்கு.

இந்த 40,000ஐ அப்படியே கிருமிகளின் எண்ணிக்கை என்று எழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. காசநோய்க்குப் பெரும்பாலும் தேடப்படும் துண்டு ஐஎஸ்6110. ஒரே கிருமிக்குள் அது பல இடங்களில் உட்கார்ந்திருக்கும். 16 பிரதிகள் உள்ள வகை என்றால் மில்லிக்கு 2,500 கிருமிகள்தான். ஒற்றைப் பிரதி வகை என்றால் 40,000. சிடி இரண்டுக்கும் ஒன்றே. நம் பக்கத்தில் இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டு நோயாளிகளிடம் பிரித்தெடுத்த கிருமிகளில் ஒற்றைப் பிரதி வகை கணிசமாக உண்டு. அந்தத் துண்டே இல்லாதவையும் உண்டு. பின்னதற்கு, எவ்வளவு கிருமி இருந்தாலும் சிடியே வராது. அதனால் இருக்கிறதா என்று தேட ஐஎஸ்6110 நல்லது. எண்ணுவதற்கு, கிருமிக்கு ஒன்றே உள்ள ஆர்பிஓபி போன்ற மரபணு வேண்டும். அப்போதும் செத்த கிருமியின் டிஎன்ஏ கணக்கில் சேரும் என்பதால், சிகிச்சை நடக்கும்போது எண்ணிக்கையை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடக் கூடாது.

அப்புறம், சளியில் உள்ள சில பொருள்கள் பிசிஆரைத் தடுத்து சிடியைத் தாமதமாக்கும். சந்தேகம் வந்தால் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். 28 இருந்தது 31.3 அளவுக்கு ஏற வேண்டும். 29இலேயே நின்றால் தடை இருக்கிறது: நீர்த்த குழாயில் 500 பிரதிகள், பத்தால் பெருக்கினால் 5,000. முதலில் வந்த 1,000 அசலில் ஐந்தில் ஒரு பங்குதான்.