பதினேழு மாம்பழமும் ஐந்து பிள்ளைகளும்

எட்டு வயதுப் பிள்ளைக்கு மீதி வரும் வகுத்தலைக் கதையாகச் சொல்ல, நத்தத்திலிருந்து மாமா மதுரைக்குக் கொண்டுவந்த 17 மாம்பழங்களைக் கயலும் நான்கு தோழிகளும் திண்ணையில் பங்கிடுவதாகத் தொடங்கலாம். விடையை உடனே சொல்லிவிடாமல், கயல் ஒரு சுற்றுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே வருவதாகச் சொல்லி, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கூடையில் எத்தனை இருக்கின்றன என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். புளியங்கொட்டைகளை வைத்து எண்ணினால் கைக்கும் வேலை கிடைக்கும். 17 என்பது 12 ஆகி, 7 ஆகி, கடைசியில் 2 ஆகும்.

சில பிள்ளைகள் இரண்டாம் சுற்றிலேயே நிறுத்தி, "ஆளுக்கு 2, மீதி 7" என்பார்கள். அப்போது, "கூடையில் 7 இருக்கும்போது ஐந்து பேருக்கும் இன்னும் ஒன்று கொடுக்க முடியாதா?" என்று கயலின் தோழி கேட்கட்டும். மீதி, ஆட்களின் எண்ணிக்கையைவிடக் குறைந்தால்தான் பங்கீடு முடியும் என்பது அந்தக் கேள்வியிலேயே விளங்கிவிடும். ஈவு 3, மீதி 2; சரிபார்க்க, 5 × 3 + 2 = 17.

மீதிப் பழங்களை நறுக்கலாமே என்று பிள்ளை நிச்சயம் கேட்கும். அது பின்னக் கணக்கு என்பதால், அந்த இரண்டையும் அப்பத்தாவுக்கு முழுதாகவே கொடுத்துவிடுங்கள்.