சிடிஎன் போட்ட பிறகும் டொரன்டோவில் தளம் மெதுவாகத் திறக்கிறதா?

சர்வர் சென்னையில், வாசகர் டொரன்டோவில். இடையே ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். ஒருமுறை போய்த் திரும்பவே 130 மில்லி விநாடி ஆகிறது. கேபிள்கள் சுற்றி வளைத்துப் போவதால் நடைமுறையில் 200-ஐத் தாண்டிவிடும். இணைப்புக்கு ஒரு நடை, குறியாக்கத்துக்கு ஒரு நடை, பக்கத்தைக் கேட்டு வாங்க ஒரு நடை. முதல் எழுத்து வருவதற்குள் அரை விநாடிக்கு மேல் போய்விடுகிறது.

பல ஊர்களில் தளத்தின் நகலை வைத்து வாசகருக்கு அருகிலிருந்தே தருவதுதான் சிடிஎன். அதை வைத்தால் முதல் இரண்டு நடையும் டொரன்டோவிலேயே முடிந்துவிடும். பக்கத்தின் நகல் அங்கே இருந்தால் மூன்றாவதும் முடியும். அந்த ‘இருந்தால்’தான் பலர் கவனிக்காமல் விடுவது. கிளவுட்ஃபிளேர் என்ற சிடிஎன், நாம் விதி எதுவும் எழுதாதவரை, படங்களையும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளையும் சேமிக்குமே தவிர, ஹெச்டிஎம்எல் பக்கத்தைச் சேமிக்காது. ஆகவே ஒவ்வொரு கட்டுரைக்கும் சென்னைவரை ஆள் அனுப்பியாக வேண்டும். `example.com` இடத்தில் உங்கள் தள முகவரியை வைத்துச் சோதித்துப் பாருங்கள்:

```
curl -sI https://example.com/
```

விடையில் `cf-cache-status: DYNAMIC` என்று வந்தால் பக்கம் கேச் ஆகவில்லை. `HIT` வர வேண்டும்.

இதைக் கண்டதும் “எல்லாவற்றையும் கேச் செய்” என்று விதி எழுதிவிடுவது அடுத்த தவறு. இது முதலாவதைவிட ஆபத்தானது. உள்நுழைந்த ஒருவரின் “என் கணக்கு” பக்கம் நகலாகி, அடுத்து வருபவருக்கு அவர் பெயரும் முகவரியுமாகப் போய்ச் சேரும். மெதுவான தளத்தை வாசகர் பொறுத்துக்கொள்வார், இதைப் பொறுக்கமாட்டார். உள்நுழைவுக் குக்கி இருக்கும் கோரிக்கைகளை கேச்சைத் தொடாமல் சர்வருக்கே அனுப்புங்கள். அந்தப் பக்கங்களுக்கு `private, no-store` என்று சர்வரும் சொல்லட்டும். பொதுக் கட்டுரைகளை மட்டும் கேச் செய்ய விதி எழுதி, அவற்றுக்குச் சர்வர் இப்படிச் சொல்லட்டும்:

```
Cache-Control: public, max-age=60, s-maxage=86400
```

`s-maxage` சிடிஎன்னுக்கான கெடு, ஒரு நாள். `max-age` வாசகரின் உலாவிக்கு, ஒரு நிமிடம். இரண்டையும் ஒரே அளவாக வைத்துவிட்டுப் பிழை திருத்தும்போதுதான் சிக்கல் தெரியும்: சிடிஎன்னில் இருக்கும் நகலை ஒரு பொத்தானை அழுத்தி நீக்கலாம், வாசகரின் கைப்பேசியில் கிடப்பதை நீக்க வழியில்லை. படங்களுக்கு நீண்ட கெடு வைக்கலாம், மாற்றும்போது கோப்பின் பெயரையும் மாற்றிவிட்டால் போதும்.

ஃபேஸ்புக் இணைப்புகளில் ஒட்டிக்கொண்டு வரும் `fbclid` இன்னொரு தொல்லை. ஒவ்வொரு சொடுக்குக்கும் அது மாறுவதால் ஒரே கட்டுரை வெவ்வேறு முகவரியாகத் தெரியும். நகல் இருந்தும் பயன்படாது. கேச் முகவரியிலிருந்து அதை விலக்கும் வசதி பல சிடிஎன்களில் உண்டு.

சோதனையைச் சென்னை வீட்டிலிருந்து நடத்தி நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அங்கே கிடைக்கும் `HIT` அருகிலுள்ள சிடிஎன் கணுவின் கதை மட்டுமே. பொதுவாக நகல் ஒவ்வொரு ஊர்க் கணுவிலும் தனித்தனியாகவே சேரும். டொரன்டோவில் முதலில் திறப்பவர் காத்திருந்தே ஆக வேண்டும். அங்கிருக்கும் உறவினரை அதே கட்டளையை இருமுறை ஓட்டச் சொல்லுங்கள். முதலில் `MISS`, பிறகு `HIT` வந்தால் சரி.