அதிகமாகப் போட்ட பில்லைத் திருத்திய விதம்

அனுப்பியது 10 பெட்டி, நாங்கள் பில் போட்டது 12-க்கு. பெட்டி 450 வீதம் 5,400. வரி 10 சதவீதம் சேர்த்து 5,940. சரியான தொகை 4,950.

பழைய பில்லைத் திறந்து எண்ணிக்கையை மாற்றி, அதே பில் எண்ணில் மறுபடி அனுப்பத்தான் முதலில் கை போகும். அதைச் செய்யவில்லை. வாடிக்கையாளர் அதை ஏற்கெனவே கணக்கில் ஏற்றியிருந்தார்; ஒரே எண்ணில் இரண்டு தொகை இருந்தால் பணம் கொடுப்பதையே நிறுத்திவைப்பார்கள். அதனால் பில்லைத் தொடாமல், வித்தியாசத்துக்கு மட்டும், பில் தொகையிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்லும் கிரெடிட் நோட் போட்டேன்: 2 பெட்டி 900, வரி 90, மொத்தம் 990. வரியைக் கழிக்க மறப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் பிழை. அப்படி விட்டால் அந்த 90 இரண்டு பக்கக் கணக்கிலும் ஒட்டாமல் நிற்கும். மூல பில்லின் எண், தேதி, காரணம் மூன்றையும் நோட்டிலேயே எழுதினேன்.

கூடவே போன கடிதம் இவ்வளவுதான்:

"வணக்கம். எங்கள் பில்லில் 10 பெட்டிக்குப் பதில் 12 என்று தவறாகக் குறித்துவிட்டோம். வருந்துகிறோம். 990-க்கான கிரெடிட் நோட்டை இணைத்துள்ளோம். நீங்கள் செலுத்த வேண்டியது 4,950 மட்டுமே."

யார் தவறு, ஏன் என்ற விளக்கம் அவருக்குத் தேவையில்லை. எங்களுக்குத் தேவை: ஆர்டரைப் பார்த்து பில் போட்டிருந்தோம். இப்போது உண்மையில் எத்தனை அனுப்பினோம் என்று காட்டும் டெலிவரி சலானைப் பார்த்த பிறகே போடுகிறோம்.