தலைமுடி கலருக்கு ஃபார்முலா கார்டு: எதை எழுத வேண்டும், மிச்சத்தை ஏன் நிறுக்க வேண்டும்

தீபாவளி நெருங்கும் நேரத்தில் சிங்கப்பூர் தேக்கா பக்கம் சலூன் வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு சனிக்கிழமை, எங்கள் சீனியர் அக்கா ஊருக்குப் போயிருந்த சமயத்தில், ஈசூனிலிருந்து வழக்கமாக வரும் ஒரு அம்மா என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு என்ன கலப்போம் என்று எழுதி வைத்திருக்கும் கார்டை எடுத்துப் பார்த்தேன். "4/0 + 4/3, 20 வால்யூம்" என்று ஒரே வரி. இரண்டு ஷேட் எண், சாயத்தோடு கலக்கும் டெவலப்பரின் வீரியம், அவ்வளவுதான். சரி, பாதிக்குப் பாதி என்றுதான் அர்த்தம் என்று நானே முடிவு செய்து, ஒவ்வொன்றிலும் 20 கிராம் எடுத்து, முன்பு வேலை பார்த்த கடையில் பழகிய 1:1.5 அளவில் டெவலப்பர் 60 கிராம் ஊற்றிக் கலக்கினேன். அலசிக் காயவைத்ததும் முன் நெற்றியில் நரை இருந்த இடமெல்லாம் பித்தளைப் பாத்திரம் மாதிரி மின்னியது. "ஏம்மா, இது என் கலர் இல்லையே" என்றார் அந்த அம்மா. திட்டவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். மறுபடி காசு வாங்காமல் போட்டுக் கொடுத்தோம்.

அக்கா எப்போதும் கலப்பது 4/0 25க்கு 4/3 15, அதுவும் சாயத்துக்குச் சமமாக டெவலப்பர், 1:1. அது அவர் தலைக்குள் இருந்தது, கார்டில் இல்லை. 4/3 என்பது தங்க நிறம் கலந்தது. நரை முடிக்கு 4/0 போன்ற இயற்கை ஷேட் போதுமான அளவு இல்லாவிட்டால், அடியில் பிடிக்க ஒன்றும் இல்லாமல் தங்கம் மட்டும் மேலே தெரியும். நான் 4/0-வைக் குறைத்தேன், டெவலப்பரைக் கூட்டிக் கலவையையும் நீர்க்க வைத்தேன். இரண்டு தப்பும் ஒரே வரியிலிருந்து வந்தவை.

புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நான் சொல்லித்தரும் முறையை, அந்த அம்மாவின் கார்டையே வைத்துச் சொல்கிறேன். தேவையானது ஒரு கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, கெட்டி அட்டை, பேனா. ஆப் வைத்திருந்தாலும் இதே விவரம்தான்.

படி 1: கலக்கும் முன் முடியை எழுது

ஃபார்முலாவுக்கு முன்னால் எழுத வேண்டியது, முடி எந்த நிலையில் இருந்தது என்பது. ஒரே கலவையை இரண்டு விதமான முடியில் போட்டால் இரண்டு விதமாகத்தான் வரும். இயற்கை நிறம் எந்த லெவல் (1 கறுப்பு, 10 மிக வெளிர், நம்மவர்கள் பெரும்பாலும் 1 முதல் 3க்குள்), நரை எவ்வளவு, வேர் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது, நுனியில் பழைய சாயம் இருக்கிறதா என்று பாருங்கள். நரையைத் தலை முழுவதற்கும் ஒரே சதவீதமாக எழுதாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு நெற்றியிலும் காதுப் பக்கமும் கூடுதல், பின்னால் குறைவு. முன், பின் என்று தனித்தனியாக எழுதினால்தான் அடுத்தவர் எங்கே முதலில் பிரஷ் வைப்பது என்று முடிவு செய்ய முடியும்.

மருதாணியைக் கேட்காமல் விடாதீர்கள். "டை போட்டிருக்கீங்களா?" என்றால் இல்லை என்பார்கள், ஏனென்றால் மருதாணியை யாரும் டை என்று நினைப்பதில்லை. சில பாக்கெட் ஹென்னாவில் உலோக உப்பு கலந்திருக்கும், அது டெவலப்பரில் உள்ள பெராக்சைடோடு சேர்ந்தால் முடி சூடாகி நொறுங்கும். சந்தேகமாக இருந்தால் பின்னாலிருந்து ஒரு சின்னக் கற்றையை மட்டும் எடுத்துச் சோதித்துவிட்டு எழுதுங்கள். கையில் கறுப்பு மருதாணி போட்டு எப்போதாவது அரித்ததா, கொப்புளம் வந்ததா என்றும் கேளுங்கள். அதில் பெரும்பாலும் இருப்பது சாயத்தில் உள்ள அதே பிபிடி என்ற ரசாயனம். ஆமாம் என்றால் அன்றைக்குக் கலர் கிடையாது. ஒவ்வாமை வருகிறதா என்று தோலில் கொஞ்சம் தடவிப் பார்க்கும் பேட்ச் டெஸ்டைச் சாயம் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு செய்ய வேண்டும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். செய்த தேதியும் கார்டில் வர வேண்டும்.

படி 2: பிராண்டு, கிராம், விகிதம்

வெறும் எண் எழுதினால் போதாது, எந்த பிராண்டு, எந்த வரிசை என்பது எண்ணுக்கு முன்னால் வர வேண்டும். வெல்லாவில் கோட்டுக்குப் பின்னால் 6 வந்தால் ஊதா, லோரியால் மாஜிரெலில் புள்ளிக்குப் பின்னால் 6 வந்தால் சிவப்பு. கலவை அளவும் அப்படித்தான்: வெல்லா கோலஸ்டன் வழக்கமாக 1:1, மாஜிரெல் 1:1.5. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

டெவலப்பரை வால்யூமிலோ சதவீதத்திலோ ஏதாவது ஒன்றில் எழுதுங்கள், ஆனால் கடையில் எல்லோரும் ஒன்றையே எழுதுங்கள். 10 வால்யூம் 3%, 20 வால்யூம் 6%, 30 வால்யூம் 9%. ஒருவர் "20" என்றும் இன்னொருவர் "6" என்றும் எழுதி, மூன்றாவது ஆள் 6 என்பதை ஷேட் என்று நினைத்த கதையும் நடந்திருக்கிறது.

"அரை ட்யூப்" என்று எழுதுபவர்களோடு எனக்கு ஒத்தே போகாது. ட்யூபை எவ்வளவு அழுத்தினால் அரை? தராசில் கிண்ணத்தை வைத்து, பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றாகப் பிழிந்து, கிராம் எழுதுங்கள்.

படி 3: எங்கே, எவ்வளவு நேரம்

வேருக்கும் நுனிக்கும் தனி வரி. நுனியில் ஒன்றும் போடவில்லை என்றால் "நுனி: இல்லை" என்று எழுதுங்கள், காலியாக விட்டால் அடுத்தவர் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து இழுத்துப் பூசிவிடுவார். ஒவ்வொரு தடவையும் இப்படி இழுத்துக்கொண்டே போன முடி நுனியில் கரி மாதிரி கறுத்துவிடும், அதை எடுப்பது பெரிய வேலை.

நேரத்தைக் கடைசிக் கற்றையைப் பூசி முடித்ததிலிருந்து எண்ணுங்கள். நம் ஊர் சலூனில் இன்னொன்றும் உண்டு: ஏர்கானுக்கு நேர் கீழே உட்கார்ந்தால் கலவை குளிர்ந்து வேலை மெதுவாகும். எங்கள் கடையில் மூன்றாவது நாற்காலி அப்படி. அதனால் நாற்காலி எண்ணையும் எழுதுகிறோம், சிரிக்காதீர்கள்.

படி 4: மிச்சத்தை நிறுத்து எழுது

செலவுக் கணக்கு இங்கேதான் பிடிபடும். காலிக் கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் முதலிலேயே நிறுத்து, அந்த எடையைக் கிண்ணத்தின் அடியில் மார்க்கரால் எழுதி வைத்துவிடுங்கள். எங்களுடையது 130 கிராம். பூசி முடித்ததும் கிண்ணத்தை அப்படியே தராசில் வைத்தால் 148 காட்டியது. அப்படியென்றால் 18 கிராம் கலவை தொட்டியில் போகப் போகிறது. டெவலப்பர் கலந்துவிட்டால் மிச்சத்தை எடுத்து வைக்க முடியாது. வேகம் குறைந்துவிடும், மூடி வைத்தால் டப்பா உப்பி வெடிக்கவும் செய்யும்.

அந்த அம்மாவுக்கு அக்கா ஊரிலிருந்து திரும்பியதும் எழுதிய கார்டு இது:

தொடக்கம்: லெவல் 3. நரை முன் 60%, பின் 30%. வேர் 2 செ.மீ. நுனியில் பழைய சாயம். மருதாணி இல்லை.
வேர்: வெல்லா கோலஸ்டன் 4/0 25 கி + 4/3 15 கி + 6% 40 கி (1:1). நெற்றியில் தொடக்கம்.
நுனி: இல்லை.
நேரம்: 35 நிமிடம். நாற்காலி 1.
கலந்தது 80 கி, மிச்சம் 18 கி, பூசியது 62 கி.
முடிவு: நரை மூடியது. வெளிச்சத்தில் இளந்தங்கம். அவருக்குப் பிடித்தது.
செய்தவர்: கையெழுத்து.

முடிவை முடி நன்றாகக் காய்ந்த பிறகு, கடை வாசலுக்குக் கூட்டிப்போய், பகல் வெளிச்சத்தில் பார்த்து எழுதுங்கள். உள்ளே மஞ்சள் விளக்கின் கீழ் எல்லா பிரவுனும் அழகாகத்தான் தெரியும்.

படி 5: வெள்ளியாக மாற்று

கணக்குக்காக 60 கிராம் ட்யூப் 12 வெள்ளி, ஒரு லிட்டர் டெவலப்பர் 15 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இன்வாய்ஸில் உள்ள விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். சாயம் கிராமுக்கு 20 காசு, டெவலப்பர் ஒன்றரைக் காசு. 40 கிராம் சாயம் 8 வெள்ளி, 40 கிராம் டெவலப்பர் 60 காசு, ஆக 8 வெள்ளி 60 காசு. இதில் கொட்டிய 18 கிராமின் பங்கு 1 வெள்ளி 94 காசு.

அடுத்த தடவைக்கு அக்கா கார்டின் ஓரத்தில் எழுதியது: 4/0 20 கி + 4/3 12 கி + 6% 32 கி. 25க்கு 15 என்றாலும் 20க்கு 12 என்றாலும் 5க்கு 3தான், அதனால் நிறம் மாறாது. மொத்தம் 64 கிராம், செலவு 6 வெள்ளி 88 காசு. ஒரு தடவைக்கு 1 வெள்ளி 72 காசு மிச்சம். அவர் வருடத்துக்கு எட்டுத் தடவை வந்தால் 13 வெள்ளி 76 காசு. இதே மாதிரி நாற்பது பேர் என்றால் 550 வெள்ளி. முதலாளி அண்ணன் அன்றைக்கே இரண்டாவது தராசு வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள். 62 போதும் என்பது வேர் 2 சென்டிமீட்டர் இருக்கும்போதுதான். அவர் இரண்டு மாதம் கழித்து வந்து வேர் 3 சென்டிமீட்டர் இருந்தால், 64 கிராம் பின்தலைக்கு வரும்போது தீர்ந்துபோகும். பாதியில் ஓடிப்போய் இரண்டாவது கிண்ணம் கலக்கினால் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நேரம் மாறிவிடும், நிறமும் மாறிவிடும். இதற்காகத்தான் படி 1இல் சென்டிமீட்டர் எழுதச் சொன்னது.

கார்டில் பெயரும் போன் நம்பரும் போதும், அடையாள அட்டை எண்ணை எழுத வேண்டாம். 2019 செப்டம்பர் 1 முதல் சட்டம் கேட்டாலோ, ஆளை உறுதியாக அடையாளம் காண அவசியமானாலோ தவிர அதை வாங்கக் கூடாது என்று விதி வந்துவிட்டது. கவுன்ட்டரில் எல்லோர் கண்ணிலும் படும்படி கார்டுப் பெட்டியைத் திறந்து வைக்கவும் வேண்டாம், ஒவ்வாமை விவரமெல்லாம் அதில் இருக்கிறது.

ஆறு வாரம் கழித்து அந்த அம்மா வந்தபோது அக்கா வேறொருவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார், அதனால் மறுபடி நான்தான். சீப்பின் நுனியை வைத்து வேரை அளந்தேன், இரண்டு சென்டிமீட்டர்தான். 20, 12, 32. நெற்றியில் தொடங்கி, முதல் நாற்காலியில் 35 நிமிடம். கிண்ணத்தில் மிச்சம் 3 கிராம். வாசலில் நின்று கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு யாரு போட்டது, அக்காவா?" என்று கேட்டார்.