ஐபிஓவுக்கு விண்ணப்பிக்கும் முன்: ரிஸ்க் பக்கங்களில் நாம் செய்யும் தவறுகள்

புதிய பங்கு வெளியீடு என்றதும் பலர் முதலில் பார்ப்பது, பட்டியலிடப்படும் முன்பே அதிகாரபூர்வமற்ற சந்தையில் கூடுதலாகப் பேசப்படும் விலையான கிரே மார்க்கெட் பிரீமியத்தைத்தான். ஆர்ஹெச்பி எனப்படும் விளக்க ஆவணத்தைத் திறப்பவர்கள்கூட 'ரிஸ்க் ஃபேக்டர்ஸ்' பகுதி வந்ததும் வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள். "எல்லா நிறுவனமும் இதையேதான் எழுதுகிறது, வழக்கறிஞர்கள் பாதுகாப்புக்காகச் சேர்ப்பது" என்பது அவர்கள் சொல்லும் காரணம். இதுதான் முதல் தவறு.

பொதுவான வரிகள் அதில் இருப்பது உண்மைதான். வட்டி விகிதம் உயரலாம், அரசின் கொள்கை மாறலாம் என்பவற்றை எந்த நிறுவனத்தின் ஆவணத்திலும் காணலாம். அவற்றைத் தாண்டிப் போகலாம். ஒரு வரி பொதுவானதா என்று தெரிய, அதை அதே துறையின் வேறொரு நிறுவனத்துக்கு அப்படியே பொருத்திப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் அங்கே நின்று படியுங்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி முக்கியமான ரிஸ்க் முன்னால் வர வேண்டும் என்பதால், தொடக்கத்தில் இருக்கும் பத்துப் பதினைந்தைப் பொறுமையாகப் படிப்பது நல்லது.

பேடிஎம்மின் தாய் நிறுவனமான ஒன்97 கம்யூனிகேஷன்ஸ் 2021 நவம்பரில் பங்கு ஒன்று 2,150 ரூபாய் என்று 18,300 கோடி ரூபாய் திரட்டியது. தொடர்ந்து நஷ்டத்தில் இருப்பதை ரிஸ்க் பகுதி மறைக்கவில்லை. 49 சதவீதப் பங்கு மட்டுமே தன்னிடமுள்ள பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியை நிறுவனம் சார்ந்திருப்பதும் ஆவணத்திலேயே இருந்தது. நஷ்டத்தைப் பற்றி அப்போது எல்லோரும் பேசினார்கள். வங்கியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. 2024 ஜனவரி 31 அன்று அந்த வங்கி புதிய டெபாசிட் பெறுவதை நிறுத்த ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அடுத்த இரண்டு நாட்களும் பங்கு, ஒரே நாளில் விழக்கூடிய எல்லையான 20 சதவீத லோயர் சர்க்கியூட்டில் விழுந்தது.

இரண்டாவது தவறு, தடித்த எழுத்தில் உள்ள தலைப்பை மட்டும் படித்துவிட்டு நகர்வது. தலைப்பு எப்போதும் மென்மையாகவே இருக்கும். உண்மையான எடை அதன் கீழே உள்ள அட்டவணையில் இருக்கும். ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். வாகன உதிரிபாகம் செய்யும் நிறுவனம் ஒன்றின் ஆவணத்தில், "கடந்த காலத்தில் எங்கள் செயல்பாட்டுப் பணவரத்து எதிர்மறையாக இருந்துள்ளது, இனியும் அவ்வாறு இருக்கக்கூடும்" என்று ஒரு தலைப்பு. விளம்பரத்தில் நாம் பார்த்தது மூன்று ஆண்டு லாபம்: 18, 30, 42 கோடி. தலைப்பின் கீழுள்ள அட்டவணையிலோ அதே மூன்று ஆண்டுகளின் பணவரத்து: 5, கழித்தல் 8, கழித்தல் 21 கோடி. லாபம் ஏற ஏற, கையில் வரும் பணம் குறைகிறது.

இங்கேயே நிறுத்திவிடுவது மூன்றாவது தவறு, என் பார்வையில் மிகப் பெரிய தவறும் இதுதான். ரிஸ்க் பகுதி ஒரு கதவு. அதன் வழியே ஆவணத்தின் மற்ற பக்கங்களுக்குப் போக வேண்டும். நிதிநிலை அறிக்கையில் வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய தொகையைத் தேடுங்கள். நம் உதாரணத்தில் அது இரண்டே ஆண்டுகளில் 60 கோடியிலிருந்து 140 கோடியாகியிருக்கிறது. விற்பனை கணக்கில் ஏறிவிட்டது, பணம் வரவில்லை. மீண்டும் ரிஸ்க் பகுதிக்கு வந்தால், வருமானத்தில் 55 சதவீதம் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து என்று இன்னொரு வரி. கடைசியாக, திரட்டும் பணம் எதற்கு என்று சொல்லும் பகுதி: 150 கோடியில் 90 கோடி, அன்றாடத் தொழிலை நடத்தத் தேவையான நடைமுறை மூலதனத்துக்கு. அந்த ஒரு வாடிக்கையாளர் தாமதமாகப் பணம் தருவதால் விழுந்த பள்ளத்தை நம் விண்ணப்பப் பணம் நிரப்பப்போகிறதா என்று இப்போது கேட்க முடிகிறது. தனித்தனியாகப் படித்திருந்தால் மூன்று வரிகளும் சாதாரணமாகவே தெரிந்திருக்கும்.

எதிர்மறைப் பணவரத்து எப்போதும் கெட்ட அறிகுறி என்றும் சொல்லிவிட முடியாது. வேகமாக வளரும் நிறுவனம் சரக்கை முன்கூட்டியே வாங்கி வைப்பதாலும், கடன் கொடுக்கும் நிறுவனத்தில் கடன் வழங்கல் பெருகுவதாலும் இப்படி வரலாம். வரவேண்டிய தொகை விற்பனையைவிட வேகமாக வளர்கிறதா என்பதைப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இன்னொன்று. பல மாதங்களுக்கு முன் வெளியான வரைவு ஆவணத்தைப் படித்துவிட்டு, அதையே நம்பி விண்ணப்பிப்பவர்கள் உண்டு. வரைவுக்கும் ஆர்ஹெச்பிக்கும் இடையில் புதிய வழக்கு, புதிய வரி நோட்டீஸ், இழந்த வாடிக்கையாளர் ஆகியவை ரிஸ்க் பகுதியில் சேர்ந்திருக்கலாம். செபியின் இணையதளத்தில் இரண்டும் கிடைக்கும். இரண்டையும் அருகருகே திறந்து, முதல் இருபது ரிஸ்க்குகளில் எது புதிதாக வந்திருக்கிறது, எது மேலே ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அரை மணி நேரம் போதும்.