தொடாத கார்டில் அறுபத்தெட்டாயிரம்: மறந்துபோன சந்தாக்களில் நாம் விடும் பிழைகள்

களுவாஞ்சிக்குடியில் இருக்கும் என் மச்சான் ஒரு ஆசிரியர். மோட்டார் சைக்கிள் எடுக்கக் கடனுக்கு விண்ணப்பித்தார். வங்கியில் அவருடைய கடன் விபரம் காட்டும் கிரிப் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "சேர், கிரெடிட் கார்டில அறுபத்தெட்டாயிரத்துக்கு மேல நிக்குதே" என்றிருக்கிறார்கள். மனுஷன் அதிர்ந்துபோனார். வீட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"பிரிட்ஜ் தவணை முடிஞ்ச பிறகு அந்தக் கார்ட்டை நான் தொடவே இல்ல மச்சான். அலுமாரிக்குள்ளதான் கிடக்கு. ஆரோ களவா எடுத்திருக்கானுகள்."

யாரும் களவாக எடுக்கவில்லை. பழைய மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்த 18 மாதக் கூற்றுகளையும் இறக்கி, ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். ஒவ்வொரு மாதமும் அதே மூன்று வரிகள். இல்ல விளையாட்டுப் போட்டி வீடியோவை வெட்டி ஒட்டுவதற்கென்று ஏழு நாள் இலவசமாக எடுத்த ஒரு எடிட்டிங் செயலி, மாதம் 3,000 ரூபாய் அளவில். மகள் ஆங்கிலம் படிக்கச் சேர்ந்த தளம், 1,200. போன் படங்களைச் சேமிக்கும் இடம், 600. மூன்றும் சேர்ந்தால் 4,800 ரூபாய். வீட்டுக்கு வந்திருந்த மாமி கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "மாதம் மாதம் காசு போகுதெண்டா சாமான் எங்க மனே?"

ஊர்க்கடையில் கடன் கொப்பி இருக்கிறது. முதலாளி எழுதுவதை நாம் பார்க்கிறோம், அடுத்த முறை போகும்போது அவர் முகத்தையும் பார்க்க வேண்டும். சந்தாவில் கொப்பி கடைக்காரன் கையில். நாம் கடைப்பக்கமே போகாவிட்டாலும் அவன் எழுதிக்கொண்டிருப்பான். அப்படி எழுதுவதற்கு நாமே ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டோம் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

மச்சான் விட்ட பிழைகளில் பெரியது சந்தாவை மறந்தது அல்ல. அதை யாரும் மறப்பார்கள். பிரிட்ஜ் வாங்கிய காலத்தில், மாதாமாதம் வங்கிக்கு அலைய வேண்டாம் என்று, சம்பளக் கணக்கிலிருந்து கார்டுக்குத் தானாகக் காசு போகும்படி ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தார். அதில் இரண்டு பெட்டிகள்: முழு நிலுவை, அல்லது ஆகக் குறைந்த கொடுப்பனவு. அவர் இரண்டாவதில் கோடு போட்டார். அந்தக் கோடுதான் 18 மாதமாக எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தது. பணம் ஒழுங்காகப் போனதால் வங்கி கோல் எடுக்கவில்லை, தாமதக் கட்டணமும் வரவில்லை. சம்பளக் கணக்கில் முதலில் சில நூறு ரூபாய்தான் வெட்டுப்பட்டது. பிறகு ஆயிரம், இரண்டாயிரம். அவர் அதைப் பழைய தவணையின் மிச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

கணக்கைப் போட்டால் விஷயம் விளங்கும். அவருடைய கார்டுக்கு வட்டி ஆண்டுக்கு 26 வீதம், மாதத்துக்குச் சுமார் 2.17 வீதம். ஆகக் குறைந்த கொடுப்பனவு நிலுவையில் 5 வீதம். முதல் மாதம் 4,800 ரூபாய் எழுதப்பட்டது, 240 ரூபாய் கட்டுப்பட்டது. மிச்சம் 4,560. அதற்கு வட்டி ஏறுகிறது, மேலே அடுத்த 4,800 வந்து உட்காருகிறது. இப்படியே போனால் 12ஆவது மாதத்தில் நிலுவை 49,000 ரூபாயைத் தாண்டும், 18ஆவது மாதத்தில் 67,840 ஆகும். அந்த 18 மாதத்தில் சந்தாவாகப் போனது 86,400. அவர் கட்டியது ஏறக்குறைய 31,500. வட்டி மட்டும் 13,000 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. 67,840இல் 5 வீதம் 3,392 ரூபாய். அடுத்த மாதம் வரப்போகும் சந்தா 4,800, வட்டி சுமார் 1,400. அதாவது 6,200 ஏற, 3,392 இறங்குகிறது. கட்டும் தொகை மாதாமாதம் கூடிக்கொண்டே போவதால், கடன் கரைகிறது என்ற எண்ணம் வருகிறது. உண்மையில் அது கூடுவதே நிலுவை கூடுவதால்தான். இதே வேகத்தில் விட்டால், ஏறுவதும் இறங்குவதும் சமனாவதற்கு நிலுவை 163,000 ரூபாயைத் தொட வேண்டும். மூன்று சின்னச் சந்தாக்கள்!

வட்டியில்லாக் காலம் என்று வங்கி சொல்வதையும் பலர் பிழையாக விளங்கி வைத்திருக்கிறார்கள். அது முழு நிலுவையையும் கட்டுகிறவருக்கு மட்டும். கொஞ்சம் மீதி வைத்தாலே, வழமையாக அந்தச் சலுகை போய்விடும். பிறகு புதிதாக எழுதப்படும் 600 ரூபாய்க்கும் எழுதிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மேலே நான் போட்ட கணக்கில் இந்த நாள்வட்டியைச் சேர்க்கவில்லை, ஆண்டுக் கட்டணத்தையும் சேர்க்கவில்லை. ஆகவே கையில் வரும் கூற்று இதைவிடக் கொஞ்சம் கூடவே காட்டும்.

இனி, நிறுத்தப்போகும்போது நடக்கும் பிழைகள். எடிட்டிங் செயலியை மச்சான் எப்போதோ போனிலிருந்து அழித்துவிட்டார். "அழிச்சாப் போச்சுத்தானே?" என்று கேட்டார். போகாது. செயலி போனில் இருக்கிறது, சந்தா கணக்கில் இருக்கிறது. அன்ட்ரொய்ட் போனில் ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, Payments & subscriptions, அதற்குள் Subscriptions என்று போனால்தான் ஓடிக்கொண்டிருப்பவை தெரியும். ஐபோனில் Settings, உங்கள் பெயர், Subscriptions.

நாங்கள் அங்கே போய்ப் பார்த்தபோது சேமிப்பு இடம் மட்டும் இருந்தது. எடிட்டிங் செயலியைக் காணவில்லை. அரை மணித்தியாலம் தேடினோம். கடைசியில் பார்த்தால், பழைய போனை வாங்கிய கடையிலேயே ஒரு தம்பி புது ஜிமெயில் ஒன்று திறந்து கொடுத்திருக்கிறான். சந்தா அந்த முகவரிக்குக் கீழ் ஓடிக்கொண்டிருந்தது. நம் பக்கத்தில் இது மிகச் சாதாரணம். போன் கடைத் தம்பி திறந்தது, வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த மகன் திறந்தது என்று ஒரு வீட்டில் நாலைந்து ஜிமெயில் கிடக்கும். எல்லாவற்றிலும் புகுந்து பார்க்க வேண்டும். கடவுச்சொல் மறந்திருந்தால் முதலில் அதை மீட்க வேண்டும்.

மகளின் ஆங்கிலத் தளமோ எந்த ஜிமெயிலின் பட்டியலிலும் இல்லை. அது செயலிக் கடை வழியாக வாங்கியதல்ல, இணையத்தளத்திலேயே கார்ட் எண்ணை அடித்துக் கொடுத்தது. எந்த வாசலால் போனோமோ அந்த வாசலால்தான் வெளியே வரலாம்: அந்தத் தளத்துக்குள் நுழைந்து, கட்டணப் பகுதியில் நிறுத்த வேண்டும். எந்த வாசல் என்பதைக் கூற்றிலுள்ள வரியே அநேகமாகக் காட்டிவிடும். GOOGLE * என்று தொடங்கினால் ப்ளே ஸ்டோர் பக்கம். APPLE.COM/BILL என்றால் ஐபோன் பக்கம். இரண்டும் இல்லாமல் வேறு பெயர் இருந்தால், பெரும்பாலும் நேரே தளத்தில் வாங்கியது. அந்தப் பெயர் செயலியின் பெயராக இராது, அதை நடத்தும் கம்பனியின் பெயராக இருக்கலாம். மின்னஞ்சலில் அதே திகதிக்கு வந்த பற்றுச்சீட்டைத் தேடினால் பிடிபடும்.

கூற்றில் "ஒரே தொகை" என்று தேடுவதும் ஏமாற்றும். டொலரில் போகும் சந்தா ரூபாயில் ஒவ்வொரு மாதமும் வேறு தொகையாக விழும், வங்கியின் வெளிநாட்டுப் பரிமாற்றக் கட்டணமும் அதோடு சேரும். 2022இல் டொலர் இருநூற்றுச் சொச்சத்திலிருந்து முந்நூற்றறுபதுக்குப் பக்கத்தில் போனபோது, ஒரு சந்தாவும் விலை கூட்டாமலே எல்லாம் கூடிப்போயின. ஆகவே தொகையைவிடத் திகதியைப் பாருங்கள். மாதாமாதம் அதே நாள், அல்லது ஒரு நாள் முன்பின்னாக விழும். பார்ப்பதானால் 13 மாதக் கூற்றைப் பாருங்கள். ஆண்டுச் சந்தா வருடத்துக்கு ஒருமுறைதான் தலை காட்டும்.

"கார்ட்டையே புளொக் பண்ணினா முடிஞ்சுதானே?" என்றும் மச்சான் கேட்டார். நிலுவை அப்படியேதான் நிற்கும், வட்டியும் ஓடும். புதுக் கார்ட் எடுத்தாலும் சந்தா நிற்கும் என்று சொல்ல முடியாது. விசா, மாஸ்டர்கார்ட் இரண்டும் பழைய எண்ணுக்குப் பதில் வந்த புது எண்ணை விற்பனையாளருக்குத் தெரிவிக்கும் ஒரு சேவையை வைத்திருக்கின்றன. வங்கி அதில் சேர்ந்திருந்தால், கடைக்காரனின் கொப்பியில் எண் தானாக மாறிவிடும். முதலில் சந்தாவை நிறுத்துங்கள், கார்டைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

போன காசைத் திருப்பிக் கேட்கலாமா? நாமே சம்மதித்து ஓடிய சந்தாவுக்கு வங்கியில் மோசடி என்று முறைப்பாடு வைத்தால் நிற்காது. நிறுத்திய பிறகும் எடுத்தால் அது வேறு கதை. அதற்கு, நிறுத்தியதை உறுதிப்படுத்தி வரும் மின்னஞ்சல் கையில் இருக்க வேண்டும். எடிட்டிங் செயலி, ஆங்கிலத் தளம் இரண்டையும் நிறுத்தியதற்கு வந்த மின்னஞ்சல்களை மச்சான் திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருக்கிறார். எடிட்டிங் செயலிக்காரனுக்கும் எழுதிக் கேட்டோம். ஒரு மாதக் காசை மட்டும் திருப்பித் தந்தான்.

சேமிப்பு இடத்தை நாங்கள் நிறுத்தவில்லை. இடம் நிரம்பியிருக்கும்போது அதை நிறுத்தினால் அந்த ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதே நின்றுவிடும். பிள்ளைகளின் படங்களும் அதில்தான்.

மச்சான் சீட்டு எடுத்து நிலுவை முழுவதையும் ஒரேயடியாகக் கட்டினார். அத்தோடு சரி என்று நினைத்தார். அடுத்த கூற்றில் ஆயிரத்துக்குக் கிட்ட ஒரு வட்டி வந்தது. கூற்று அடித்த நாளுக்கும் அவர் காசு கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அது. முழுக்கக் கட்டியாயிற்று என்று அதைப் பார்க்காமல் விடுகிறவர்களுக்குத்தான் அந்த ஆயிரத்தின் மேல் தாமதக் கட்டணமும் விழுகிறது. மச்சான் அதையும் கட்டிவிட்டு, வங்கிக்குப் போய் அந்தப் பழைய படிவத்தை மாற்றிக் கொடுத்தார். இம்முறை முதல் பெட்டியில் கோடு. அதற்கு அடுத்த மாதக் கூற்றில் ஒரே ஒரு வரி இருந்தது: சேமிப்பு இடம், 612 ரூபாய்.